மூன்று நிமிட வரவேற்பு



கல்லூரிகளில் ஆண்டு விழாக்கள் நடைபெறும் பருவம் வந்துவிட்டது. ஒவ்வொரு விழாவிலும் ஒரு மாணவரோ மாணவியோ எழுந்து நின்று, சிறப்பு விருந்தினரை வரவேற்றுப் பேசுவது வழக்கம். அப்பேச்சுக்கு நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் என்ன பேசிவிட முடியும் என்று சிலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் அம்மூன்று நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கி, அவையைச் சோர்வடையச் செய்துவிடுகின்றனர். இவ்வரவேற்புரையை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை, நான் அருகிலிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இன்று சொல்ல விரும்புகிறேன்.

உதகையில் என் வீட்டுக்கு ஒருநாள் மாலை ஒரு மாணவி வந்தாள். நான் தலைமையாசிரியராக இருந்தபோது என்னிடம் பயின்றவள். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவள். கையில் நான்கு பக்கத் தாள்கள் இருந்தன. “ஐயா, அடுத்த வாரம் எங்கள் கல்லூரி விழாவில் நான்தான் வரவேற்புரை வழங்க வேண்டுமாம். எழுதி வந்திருக்கிறேன். திருத்தித் தர வேண்டும்” என்றாள்.

“திருத்துவது இருக்கட்டும் அம்மா. முதலில் எழுந்து நின்று படி” என்று சொல்லிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அவள் படித்து முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அதில் முதல் இரண்டு நிமிடம், மேடையில் இருப்போரையும் கீழே இருப்போரையும் ஒவ்வொருவராக விளித்து, ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு அடைமொழிகள் சேர்த்ததிலேயே கழிந்துவிட்டது. பிறகு விருந்தினருடைய பட்டங்கள், பதவிகள், பரிசுகள் ஆகியவை ஆண்டு வரிசையில் வந்தன. அவற்றை அடுத்து, அவர் கடலினும் பெரியவர், மலையினும் உயர்ந்தவர் என்று ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் கல்லூரியின் சாதனைகளும், விருந்தினர் வந்தமைக்கு நன்றியும் இருந்தன.

அன்புள்ள மாணவர்களே! அவள் எழுதியதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் அந்த நான்கு பக்கத்தில் நான்கு பேருடைய பேச்சு கலந்து கிடந்தது. கல்லூரி விழாவின் ஒழுங்கை நினைத்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் வரவேற்புரை, அடுத்துத் தலைமையுரை, பின்னர் முதல்வரின் ஆண்டறிக்கை, சில கல்லூரிகளில் விருந்தினரை அறிமுகம் செய்ய ஒரு பேராசிரியர், அதன் பின் சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை, இறுதியில் நாட்டுப்பண். கல்லூரியின் சாதனைகளைச் சொல்ல ஆண்டறிக்கை இருக்கிறது. பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாகச் சொல்ல அறிமுகவுரை இருக்கிறது. நன்றி கூற நன்றியுரை இருக்கிறது. வரவேற்பவர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பின்னால் வருவோர் சொன்னதையே சொல்ல வேண்டியதாகும். ஆதலின் வரவேற்புரை எழுத உட்காரும் முன் நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கி, தமக்குப் பின்னே யார் யார் எதைப் பேசப் போகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குரியதை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும்.

“எல்லாவற்றையும் விட்டுவிட்டால் எனக்கென்று என்ன ஐயா எஞ்சும்?” என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. எஞ்சுவது ஒன்றே ஒன்று. இவர் ஏன் இன்று, இந்த அவைக்கு, விருந்தினராக வந்திருக்கிறார்? அவருக்கும் எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கும் என்ன தொடர்பு? இதனை எடுத்துச் சொல்வதே வரவேற்பவரின் தனிவேலை. அதனைச் செய்ய மூன்று நிமிடம் போதும்.

எழுதியது பயனுள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள விருந்தினரின் பெயரை அடித்துவிட்டு, வேறொருவர் பெயரை எழுதுங்கள். அப்போதும் பத்தி பொருந்தி நிற்குமானால், அது யாருக்கும் உரியதன்று, எடுத்துவிடலாம். கடலினும் பெரியவர் என்னும் பக்கத்தை இச்சோதனைக்கு உட்படுத்தினோம். மாவட்டத்தில் உள்ள எந்தப் பெரியவர் பெயரை இட்டாலும் அது பொருந்திற்று. அவளே சிரித்துக்கொண்டு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

இந்த மலையிலேயே நடந்த ஒரு பழைய செய்தி அப்போது என் நினைவுக்கு வந்தது. தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் பயணம் செய்த காந்தியடிகள், 1934ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் குன்னூரில் தங்கி, கோத்தகிரிக்கும் உதகைக்கும் சென்று பேசினார். அக்காலத்தில் தலைவர்களுக்கு வரவேற்பு மடல் அச்சிட்டு, அழகிய சட்டமிட்டோ பேழையில் வைத்தோ வழங்குவது மரபு. அந்தப் பயணத்தில் காந்தியடிகள் தமக்கு வந்த மடல்களையும் பேழைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டு, கிடைத்த தொகையை நிதியில் சேர்த்துவிடுவார். தம்மைப் புகழும் மடலைவிட, அந்த ஊரில் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை என்ன, அவர்களுக்காக ஊர் என்ன செய்திருக்கிறது என்று சொல்லும் மடலையே அவர் விரும்பினார். காரணம் தெளிவு. தம்மைப் பற்றி அவருக்கே தெரியும். ஊரைப் பற்றித் தெரிந்தால்தான் அந்த ஊராருக்கு ஏற்ற மறுமொழி சொல்ல முடியும்.

மறுமொழி என்றேன் அல்லவா? வரவேற்புரையும் சிறப்புரையும் ஓர் உரையாடலின் இரு பாதிகள் என்பதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பி, கொழும்பு, பாம்பன், இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் வழியாகச் சென்னைக்கு வந்தபோது, ஊர்தோறும் வரவேற்பு மடல் படிக்கப்பட்டது. அவரும் அதற்கு மறுமொழியாகவே பேசினார். அப்பேச்சுகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில், அவருடைய மறுமொழிகளோடு வரவேற்பு மடல்களும் இடம்பெற்றுள்ளன. வரவேற்பவர் வெறும் புகழை நீட்டினால் விருந்தினர் பணிவாக அதனை மறுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. ஒரு செய்தியையோ ஒரு கேள்வியையோ நீட்டினால், அதனைப் பற்றிக்கொண்டு அவர் பேசத் தொடங்கலாம்.

இனி நம் மாணவிக்கு வருவோம். விருந்தினர் யார் என்று கேட்டேன். குன்னூரிலுள்ள பாஸ்டியர் நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வுபெற்றுக் கோவையில் வசிக்கும் ஒரு மருத்துவர் என்றாள். அந்நிறுவனத்தைப் பற்றி நீங்கள் அறிந்திருக்கலாம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து செய்வதற்காக 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது அது. அதற்கு முன் தென்னாட்டில் வெறிநாய் கடித்தால், முறையான சிகிச்சை பெற இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்குப் போக வேண்டும். அங்கு 1900ஆம் ஆண்டில்தான் நிலையம் ஏற்பட்டது. அத்தனை தொலைவு போய்ச் சேர வசதியுள்ளோர் எத்தனை பேர்?

“இந்த மருத்துவருக்கும் உன் கல்லூரிக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டேன். அவள் யோசித்தாள். “கல்லூரிக்கு ஒன்றும் இல்லை ஐயா. எங்கள் அப்பாயிக்கு உண்டு” என்று மெல்லச் சொன்னாள். அவளுடைய அப்பாயியை 1983இல் நாய் கடித்ததையும், குன்னூருக்குப் போய்ப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டதையும் வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறாள். நான்கு பக்கத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. “ஏன் எழுதவில்லை?” என்றேன். “அது வீட்டுக் கதை அல்லவா ஐயா? மேடையில் சொல்வதற்கு உரியதா?” என்றாள்.

சொல்வதற்கு உரியதுதான். ஆயினும் பிறருடைய வாழ்க்கையை மேடையில் சொல்லும் முன் அவருடைய இசைவைப் பெறவேண்டும். அன்றிரவே அப்பாயியிடம் கேட்கும்படி சொன்னேன். விருந்தினரிடமும் கல்லூரி அலுவலகத்தின் வாயிலாக மூன்று செய்திகளைக் கேட்டு அறியச் சொன்னேன். தம் பெயரையும் தலைப்பெழுத்தையும் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார்? ஓய்வுபெறும்போது அவர் வகித்த பதவியின் சரியான பெயர் என்ன? தம்மைப் பற்றி மேடையில் சொல்ல வேண்டா என்று அவர் நினைக்கும் செய்தி ஏதேனும் உண்டா? பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால், பின்னால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அவையோர் நினைவில் நிற்பது அந்தத் தவறே. பதவியைக் கூட்டிச் சொன்னால் விருந்தினர் கூசுவார். குறைத்துச் சொன்னால் வருந்துவார். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பல ஆண்டுகளுக்கு முற்பட்டனவாக இருக்கக்கூடும். உரியவரைக் கேட்பதே முறை.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், இந்த மலையில் நான் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில், ஐப்பசி மாதத்தில் விழா வைத்தோம். சமவெளியிலிருந்து வரவேண்டிய விருந்தினர், மலைப்பாதையில் மண் சரிந்ததால் வர இயலவில்லை. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, அரைமணி நேரத்தில் மேடைக்கு வந்தார். வரவேற்புரை பழகியிருந்த சிறுவனுக்கு அதனைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். அவன் மனப்பாடம் செய்தபடியே, வராதவருடைய பெயரையும் பெருமைகளையும் வந்தவரைப் பார்த்து முழங்கினான். அவையில் சிரிப்பு எழுந்தது. பெரியவர் பெருந்தன்மையோடு அதனைப் பொறுத்துக்கொண்டார். சிறுவன் மேடைக்குப் பின்னே நின்று அழுதான். பிழை அவனுடையதன்று. அன்றிலிருந்து, விருந்தினரைப் பற்றிய பகுதியைத் தனித்தாளில் எழுதச் சொல்வது என் வழக்கமாயிற்று. ஆள் மாறினால் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பேசலாம். விழா தொடங்குவதற்குச் சற்று முன், மேடையில் அமர்ந்திருப்பவர் யார் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வதும் நல்லது.

மறுநாள் மாணவி மீண்டும் வந்தாள். அப்பாயி இசைந்துவிட்டார். விருந்தினரிடமிருந்தும் விடை வந்துவிட்டது. ஆனால் அவள் முகம் தெளிவாக இல்லை. “ஐயா, ‘எங்கள் மலைக்கு வருக’ என்று முடிக்கலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எங்கள் மலை என்று நான் எப்படிச் சொல்வது? நாங்களே வந்தவர்கள். தோட்டத்துக்கு வெளியே எங்களை இன்னும் சிலோன்காரர்கள் என்றுதான் சொல்கிறார்கள்” என்றாள்.

நேயர்களில் இளையோருக்காக ஒரு சொல். 1964ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் இலால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்களில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தாயகம் திரும்பியோர் என்று அரசு அவர்களைக் குறித்தது. அவர்களுக்கு வேலையளிக்கத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. அம்மாணவியின் அப்பாயி அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர்.

அவளுடைய ஐயத்துக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. சற்று நேரம் எண்ணிப் பார்த்தேன். தோதவர், கோத்தர், குறும்பர், இருளர் முதலிய தொல்குடியினர் இந்த மலைத்தொடரில் நெடுங்காலமாக வாழ்பவர்கள். உதகையில் கல் மாளிகையைக் கட்டிய சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்தவர். அந்த மாளிகையின் வளாகத்தில்தான் 1955இல் அரசு கலைக் கல்லூரி தொடங்கியது. நானோ கோவைச் சீமையிலிருந்து பணி மாற்றலாகி வந்தவன். “அம்மா, நானும் வந்தவன்தான். பேருந்தை விட்டு இறங்கிய அன்று, குளிரில் நடுங்கி நின்ற என்னை ஒரு தேநீர்க் கடைக்காரர் அடுப்பருகே உட்காரச் சொன்னார். அதனை நான் மறக்கவில்லை. வரவேற்கப்பட்டவர்க்கு வரவேற்பின் அருமை தெரியும். நீ ‘எங்கள் மலை’ என்று சொல்லக் கூசினால் சொல்ல வேண்டா. உனக்கு எது உண்மையோ அதனைச் சொல்” என்றேன்.

அவள் அங்கேயே அமர்ந்து எழுதினாள். நான் இரண்டு சொற்களை மட்டும் மாற்றினேன். அவள் விழாவில் பேசியது இது:

“விழாத் தலைவராகிய எங்கள் முதல்வர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, உடன் பயிலும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

“இன்று விடியற்காலையில் கோவையிலிருந்து புறப்பட்டு, மூடுபனியில் மலைப்பாதை ஏறி வந்திருக்கும் ஐயா அவர்களை முதலில் கைகூப்பி வணங்குகிறேன்.

“எங்கள் அப்பாயி 1974ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்தவர். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். 1983இல் ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரை ஒரு நாய் கடித்தது. நான்காம் நாள் அந்த நாய் செத்தது. அப்பாயி பதினான்கு நாள் குன்னூருக்குப் போய், நாளுக்கொன்றாக வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். பதினான்கு நாள் கூலி போயிற்று, உயிர் நின்றது. அப்போது என் தந்தைக்கு மூன்று வயது.

“அந்த மருந்து உருவான பாஸ்டியர் நிறுவனத்தில் அந்நாளில் பணியாற்றியவர் நம் விருந்தினர். அப்பாயி ஐயாவைப் பார்த்ததில்லை. ஐயாவும் அப்பாயியை அறிந்திருக்க மாட்டார். ஆயினும் முன்பின் அறியாத ஒருவருக்காக அவர் அங்கே செய்த வேலையினால்தான் எங்கள் குடும்பம் தாயை இழக்கவில்லை. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் இன்னும் பலர் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கக்கூடும்.

“அன்று வயிற்றில் பதினான்கு ஊசி. இன்று கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. இந்த மாற்றம் எவ்வாறு வந்தது என்பதை, அதனை அருகிலிருந்து கண்ட ஐயா அவர்கள் சொல்லக் கேட்க விரும்புகிறோம்.

“எங்கள் குடும்பத்தை வரவேற்று இடம் கொடுத்தது இந்த மலை. அந்த மலையின் சார்பிலும், கல்லூரியின் சார்பிலும் ஐயா அவர்களை வருக வருக என வரவேற்று அமர்கிறேன். வணக்கம்.”

இவ்வளவுதான். நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அவையில் கைதட்டல் உடனே எழவில்லை. சற்றுப் பொறுத்தே எழுந்தது.

இவ்வுரையின் அமைப்பைச் சற்றே பாருங்கள். விளிகள் ஐந்து. ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியது. முதலில் தலைவரையும் அடுத்து விருந்தினரையும் பெயர் சொல்லாமல் பதவியாலேயே விளிக்கிறாள். அறிமுகம் செய்யும் பேராசிரியர் விருந்தினரின் பெயரையும் பதவிகளையும் விரிவாகச் சொல்லவிருந்ததால் அவள் அதனை விட்டுவிட்டாள். அறிமுகவுரை இல்லாத விழாவில் வரவேற்பவரே பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்து, விருந்தினர் வந்த வழியின் சிரமம் ஒரு வரியில் நினைவு கூரப்பட்டது. பிறகு ஒரே ஒரு நிகழ்ச்சி. புகழ்ச்சிச் சொல் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் விருந்தினரின் முப்பதாண்டு உழைப்பு யாருக்குப் பயன்பட்டது என்பது விளங்கிவிட்டது. அதனை அடுத்து, அவர் பேசுவதற்கு ஒரு கேள்வி. இறுதியில் வரவேற்பு. நன்றி என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. அது நன்றியுரை சொல்பவருக்குரியது.

பேசும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் அவள் பழகியபோது, ‘நான்காம் நாள் அந்த நாய் செத்தது’ என்ற வரியை விரைந்து கடந்துவிட்டாள். அந்த வரியின் பொருள் கேட்போர்க்கு எட்டவேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிப்பதும், அதற்குள் அது செத்தால் வெறிநோய் இருந்திருக்கக்கூடும் என்று அஞ்சுவதும் மக்கள் அறிந்த செய்தி. ஆதலின் அவ்வரிக்குப் பின் ஒரு மூச்சு நிறுத்தச் சொன்னேன். முழுதையும் மனப்பாடம் செய்ய வேண்டா என்றும் சொன்னேன். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் மனத்தில் இருந்தால் போதும். நடுவில் தாளைப் பார்க்கலாம். மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் அதன் பின்னுள்ளவை அனைத்தும் நழுவும். தாளைப் பார்த்துப் பேசுவது குற்றமன்று. தாளையே பார்த்துக்கொண்டு, விருந்தினரை ஒருமுறையும் பாராதிருப்பதுதான் குறை.

சிறப்புரைக்கு எழுந்த மருத்துவர், எழுதி வந்த தாள்களை மேசைமேல் வைத்துவிட்டார். மேடையோரத்தில் நின்ற மாணவியை நோக்கி, “உங்கள் அப்பாயி நலமாக இருக்கிறார்களா அம்மா?” என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். பிறகு அவர் பேசிய பேச்சு என் நெஞ்சில் இன்னும் நிற்கிறது. அக்காலத்து மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது என்றும், அதனால்தான் அத்தனை ஊசிகள் தேவைப்பட்டன என்றும், சிலருக்கு அந்த மருந்தே நரம்புகளுக்குத் தீங்கு செய்ததும் உண்டு என்றும் விளக்கினார். பின்னர்த் திசு வளர்ப்பு முறையில் செய்த மருந்து வந்து அந்தத் துன்பம் நீங்கிய வரலாற்றைச் சொன்னார்.

அதன் பின் சற்றே குரல் தாழ்த்தி, “உங்கள் அப்பாயி பதினான்கு நாளும் வந்தார். கூலி போகிறதே என்று ஆறாம் நாள், ஏழாம் நாள் நின்றுவிட்டவர்களும் உண்டு. கடித்த புண் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நோய் வெளிப்பட்ட பின் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. நான் அவர்களைத்தான் மறக்கவில்லை. நீங்கள் படித்தவர்கள், உங்கள் தெருவில் யாரை நாய் கடித்தாலும், முதலில் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு புண்ணைப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்யுங்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், கடைசி ஊசி வரை விடாதீர்கள்” என்றார். எழுதி வந்த பேச்சில் இது இருந்ததா என்று விழா முடிந்ததும் அவரைக் கேட்டேன். “இல்லை. மாணவர்களுக்கு அறிவுரையாக நான்கைந்து பொதுச் செய்திகள் எழுதி வந்தேன். அந்தப் பெண் பேசிய பிறகு அவற்றைப் படிக்க மனம் வரவில்லை” என்றார்.

மாணவர்களே! அந்தப் பேச்சை அரங்கிலிருந்த நாங்கள் அனைவரும் பெற்றோம். அதற்கு வாயிலைத் திறந்துவிட்டவள் அந்த மாணவி. பதினொரு நிமிட உரையை அவள் பேசியிருந்தால், மருத்துவரும் தம் பொதுச் செய்திகளைப் படித்துவிட்டு மலையிறங்கிப் போயிருப்பார்.

விழா முடிந்து அரங்கை விட்டு வெளியே வந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. பேருந்துக்காக அவள் தந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் தோட்டத்து வேலையிலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். என்னைக் கண்டதும், “அம்மாவுக்கு வீட்டில் சொல்ல வேண்டும் ஐயா. பதினான்கு நாள் கூலி போனதையும் பிள்ளை சொல்லிவிட்டதே என்று வைவார்கள்” என்று சொல்லிச் சிரித்தார். கோத்தகிரிப் பேருந்து வந்தது, இருவரும் ஏறிக்கொண்டார்கள்.